‘Sponsored’ ஒன்றுக்கு மேலேதான் இருந்தது, நாங்கள் அழைத்தது இரண்டாவதை: அது விளம்பரமா?

வாசகி கேள்வி

நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். சென்ற மாதம் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. என் கணவர் போனில் கம்பெனி பெயரோடு ‘service center bangalore’ என்று கூகுளில் தேடி, மேலே வந்த நம்பரை அழைத்தார். வந்தவர் விசிட் சார்ஜ் 499 ரூபாயும், போர்டு மாற்றினேன் என்று 7,400 ரூபாயும் ஜிபே-யில் வாங்கினார். பில் தரவில்லை. மூன்று வாரத்தில் மெஷின் மறுபடி நின்றது. கம்பெனியைக் கேட்டால் எங்கள் பெயரில் புகாரே பதிவாகவில்லை, அது எங்கள் ஆளே இல்லை என்கிறார்கள்.

அன்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஸ்கிரீன்ஷாட்டையும் கால் லிஸ்ட்டையும் இணைத்திருக்கிறேன். ‘Sponsored என்று முதல் கடைக்கு மேலேதான் எழுதியிருக்கிறது, நான் அழைத்தது இரண்டாவது, அது விளம்பரம் இல்லை’ என்கிறார் கணவர். சண்டை போட எண்ணி, கீழே பெட்டியில் கூகுளே கொடுத்திருந்த வேறொரு நம்பருக்கு அழைத்தேன். அதே ஆள் பேசினார்! அப்படியானால் கூகுளே அவரைப் பரிந்துரைத்ததாகத்தானே அர்த்தம்? கூகுள் மீது வழக்குப் போட முடியுமா?

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று படங்களையும் பெரிதாக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் அழைத்த இரண்டாவது கடை விளம்பரம்தான். நீங்கள் பிறகு அழைத்த பெட்டி விளம்பரம் இல்லை, ஆனால் அது கூகுளின் பரிந்துரையும் இல்லை. இந்த இரண்டும் எப்படித் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் கொடுக்கப்போகும் புகார் முழுவதும் இதன் மேல்தான் நிற்கும். எதை விளம்பரம் என்று சொன்னீர்கள், எதைச் சாதாரண முடிவு என்று சொன்னீர்கள் என்பதில் பிசகினால், எதிர்த் தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

ஒரே தலைப்பு, அதன் கீழே மூன்று விளம்பரம்

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அது அப்படித்தான் இருந்தது. 2013 வாக்கில் ஒவ்வொரு விளம்பரத்தின் பக்கத்திலும் மஞ்சள் நிறத்தில் Ad என்று சின்னக் கட்டம் இருக்கும். பிறகு அது பச்சையானது, கறுப்பானது. 2022 அக்டோபரில் போன் திரைகளில் Sponsored என்று மாறியது. நிறமும் சொல்லும் மாறினாலும், ஒரு விளம்பரத்துக்கு ஒரு முத்திரை என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. அதனால், முத்திரை இல்லாதது விளம்பரம் இல்லை என்று நம் கண் பழகிவிட்டது.

2025 அக்டோபரில் கூகுள் இந்தக் கணக்கை மாற்றியது. எழுத்து வடிவ விளம்பரங்களைக் கூட்டமாகச் சேர்த்து, அந்தக் கூட்டத்துக்கு மேலே Sponsored results என்று ஒரே ஒரு தலைப்பு வைத்தது. தலைப்பின் கீழே ஒரு விளம்பரம் இருக்கலாம், நான்கு வரையும் இருக்கலாம். தனித்தனி முத்திரை கிடையாது. நாம் திரையைக் கீழே தள்ளும்போது அந்தத் தலைப்பு மேலேயே ஒட்டிக்கொண்டு கூட வரும். கூட்டம் முடியும் இடத்தில் Hide sponsored results என்று ஒரு பொத்தான் இருக்கும். ஆக இப்போது ஒரு கடை விளம்பரமா என்று பார்க்க, அதன் தலைமேல் முத்திரை இருக்கிறதா என்று தேடிப் பயனில்லை. தலைப்பு எங்கே தொடங்குகிறது, பொத்தான் எங்கே வருகிறது, நீங்கள் அழைத்த கடை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி உங்கள் படங்கள். முதல் படத்தில் தேடல் பெட்டி, அதற்குக் கீழே Sponsored results என்ற வரி, அதற்குக் கீழே வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு பெரிய இணையதளம். அதற்கும் கீழே இரண்டாவது கடையின் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. இரண்டாவது படம் அதே தலைப்பில் தொடங்குகிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. அப்படியானால் இரண்டு படத்துக்கும் நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை, ஒன்றை மற்றொன்றோடு ஒட்டிப் படிக்கலாம். அந்தப் படத்தில் இரண்டாவது கடை, அடுத்து மூன்றாவதாக இன்னொரு கடை, அதன் அடியில் Hide sponsored results. மேலே தலைப்பு, கீழே பொத்தான், நடுவில் மூன்று கடைகள். மூன்றுமே காசு கொடுத்து வந்தவை. உங்கள் கணவர் அழைத்தது நடுவில் இருந்ததை.

கூட வரும் தலைப்பு இரண்டாவது படத்தின் உச்சியில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் படத்தின் உயரம் மற்ற இரண்டையும் விடக் குறைவு, நேரமும் பேட்டரியும் காட்டும் மேல் பட்டையும் அதில் இல்லை. அனுப்பும் முன் அவர் மேல்பகுதியை வெட்டியிருக்கிறார். தெரிந்து செய்திருக்க மாட்டார், தேவையான இடம் மட்டும் தெரியட்டும் என்று நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் வெட்டுப்பட்டது உங்களுக்கு மிகவும் வேண்டியிருந்த வரியாக இருக்கலாம். வெட்டாத மூலப்படம் அவர் போன் கேலரியிலோ, குப்பைத்தொட்டி ஃபோல்டரிலோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இதற்குத் துணை நிற்கும் இன்னொரு அடையாளமும் அந்தப் படத்தில் இருக்கிறது. இரண்டாவது கடையின் தலைப்பிலும் விளக்க வரிகளிலும் போன் நம்பர் எங்கும் இல்லை. கீழே தனியாக ஒரு போன் சின்னத்தோடு அழைப்பு வரி இருக்கிறது, நம்பர் அதில்தான் வருகிறது. விளம்பர வாசகத்துக்குள் போன் நம்பரை எழுத கூகுளின் விளம்பர விதி அனுமதிப்பதில்லை. நம்பர் வேண்டுமென்றால் இப்படித் தனி இணைப்பாகத்தான் சேர்க்க வேண்டும். சாதாரண முடிவுகளில் கடைக்காரர்கள் தலைப்பிலேயே நம்பரைத் திணித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர மாட்டேன், ஏனென்றால் விதியை மீறி நழுவி வருபவையும் உண்டு. ஆனால் தலைப்பும் பொத்தானும் ஏற்கெனவே சொன்னதை இது உறுதி செய்கிறது.

முதல் படத்தின் மேல் பட்டையில் நேரம் 10:42. கால் லிஸ்ட்டில் அழைப்பு 10:44. அழைத்த நம்பரும் அந்த அழைப்பு வரியில் உள்ள நம்பரும் ஒன்றே. இந்த இரண்டு நிமிட நெருக்கம் உங்கள் கையில் இருக்கும் நல்ல சான்று.

பெட்டிக்குள் இருப்பது யாருடைய பேச்சு?

உங்களை அதிகம் குழப்பியது மூன்றாவது படத்தில் உள்ள பெட்டிதான். சாதாரண முடிவுகளுக்கு மேலே, பெரிய எழுத்தில், நம்பரோடு இருக்கிறது. பார்த்தால் கூகுளே வாய் திறந்து பதில் சொல்வது போலத்தான் தோன்றும்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். மற்ற முடிவுகளில் முதலில் இணையதளத்தின் பெயர், அப்புறம் நீலத் தலைப்பு, அதன் கீழே விளக்கம். இந்தப் பெட்டியில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பதில், அதன் கீழே தளத்தின் பெயரும் தலைப்பும். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் About featured snippets. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரே ஒரு இணையப் பக்கத்திலிருந்து கூகுளின் இயந்திரம் அப்படியே வெட்டி எடுத்து மேலே வைத்த துண்டு. அதற்கு யாரும் கூகுளுக்குக் காசு கொடுப்பதில்லை. அதேபோல அந்தப் பக்கத்தில் எழுதியது உண்மையா என்று யாரும் போன் போட்டுச் சரிபார்ப்பதும் இல்லை. கேள்விக்குப் பொருத்தமாக எழுதியிருக்கிறதா என்பதுதான் அங்கே பார்க்கப்படுகிறது. ‘பெங்களூரில் இந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் நம்பர் என்ன?’ என்று கேள்வியும் பதிலுமாக ஒருவர் தன் தளத்தில் எழுதி வைத்தால், அந்தத் துண்டு மேலே ஏற வாய்ப்பு உண்டு.

அப்படியென்றால் பெட்டியில் படிக்க வேண்டியது கீழே உள்ள தளத்தின் முகவரிதான். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளம்பரத்தில் இருந்த முகவரியில் கம்பெனி பெயரும் service என்ற சொல்லும் சேர்ந்திருந்தன. பெட்டிக்குக் கீழே இருப்பதிலும் அதேதான், நடுவில் ஒரு சிறு கோடு மட்டும் கூடுதல். இரண்டிலும் விளக்க வாசகம் கிட்டத்தட்ட ஒன்றே. அதே ஆள் பேசியதில் ஆச்சரியம் இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்திருக்கிறார். ஒரு வாசலுக்கு விளம்பரக் காசு, இன்னொரு வாசலுக்கு எழுத்து வேலை. நீங்கள் இரண்டு வாசலையும் தட்டி, இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள்.

இந்தப் பெட்டியை இன்னொரு பெட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சில தேடல்களில் மேலே AI Overview என்று எழுதி, நட்சத்திரம் போன்ற சின்னத்தோடு ஒரு சுருக்கம் வருகிறது. இந்தியாவில் இது 2024 ஆகஸ்டிலிருந்து பரவலாக வருகிறது. அது ஒரே பக்கத்தின் துண்டு இல்லை. பல பக்கங்களைப் படித்து இயந்திரம் புதிதாக எழுதும் வாசகம். ஆங்காங்கே லிங்க் சின்னங்கள் இருக்கும், பிழை வரலாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கும். அதற்கு மேலேயும் கீழேயும் விளம்பரக் கூட்டம் வரலாம், அப்போதும் தலைப்பு Sponsored results என்றுதான் இருக்கும். உங்கள் படத்தில் AI Overview என்ற சொல் இல்லை, கீழே லிங்க் ஒன்றே ஒன்று. ஆகவே புகாரில் ‘ஒரு தளத்திலிருந்து எடுத்துக் காட்டப்பட்ட துண்டு’ என்றே எழுதுங்கள்.

மேப் பகுதி

பெட்டிக்குக் கீழே சின்ன வரைபடமும் மூன்று கடைகளும் இருக்கின்றன. முதல் கடைக்கு மட்டும் Sponsored என்று தனியாக இருக்கிறது. இங்கே தனி முத்திரைதான், அதனால் அது மட்டும் விளம்பரம். மற்ற இரண்டும் கடைக்காரர்கள் கூகுளில் பதிவு செய்து வைத்த விவரத்திலிருந்து வருபவை. அந்த விவரத்தைத் திருத்தச் சொல்லிப் பொதுமக்களும் பரிந்துரை அனுப்பலாம். இந்த வசதியைப் பயன்படுத்தி மும்பைப் பக்கம் வங்கிக் கிளையின் நம்பரையே மோசடிக்காரர்கள் மாற்றி வைத்த சம்பவங்கள் 2018-இல் செய்தியில் வந்தன. உங்கள் விவகாரத்தில் இந்தப் பகுதிக்கு வேலை இல்லை, விட்டுவிடலாம்.

அதற்கும் கீழே, மூன்றாவது படத்தின் அடியில், பாதி மட்டும் தெரிகிறது கம்பெனியின் சொந்தத் தளம். மூன்று விளம்பரம், ஒரு பெட்டி, ஒரு வரைபடம் எல்லாம் தாண்டிய பிறகுதான் அது வருகிறது. அவசரத்தில் இருக்கும் ஒருவர் அவ்வளவு தூரம் இறங்கவில்லை என்றால் அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

போனில் இன்னும் மிஞ்சியிருக்கும் தடயம்

இதே தேடலை இன்று மறுபடி செய்து, அதே விளம்பரம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு தேடலுக்கும் விளம்பர இடம் தனியாக ஏலம் போகிறது. நேரம், இடம், போன், அன்றைய விளம்பரதாரரின் பட்ஜெட் எல்லாம் சேர்ந்துதான் யார் வருவார் என்று முடிவாகிறது. இன்று வரவில்லை என்றால் அன்றும் வரவில்லை என்று ஆகாது.

அதற்குப் பதிலாக அவர் போனில் குரோம் ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்லுங்கள். அழைப்பதற்கு முன் அந்தத் தளத்துக்குள்ளும் போய்ப் பார்த்தாரா? போயிருந்தால் அந்த வருகையின் முழு முகவரி அங்கே இருக்கும். விளம்பரத்தைத் தொட்டுப் போயிருந்தால் முகவரியின் வால் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
https://www.example.com/?gad_source=1&gclid=...
```

gclid என்பது கூகுள் தன் விளம்பரத்தின் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒட்டும் அடையாளம். விளம்பரம் கொடுத்தவர் எந்த விளம்பரத்தால் ஆள் வந்தது என்று கணக்குப் பார்க்க அது பயன்படுகிறது. சாதாரண முடிவைத் தொட்டுப் போனால் கூகுள் இதை ஒட்டுவதில்லை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. வேறொருவர் பகிர்ந்த லிங்கில் இந்த வால் ஒட்டிக்கொண்டே வரலாம். வால் இல்லாததால் விளம்பரம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, சில அமைப்புகளில் அது நீக்கப்படும். தளத்துக்குள் போகாமல் நேராக அழைப்பு வரியைத் தொட்டிருந்தால் ஹிஸ்டரியில் எதுவுமே இருக்காது. அப்போது கால் லிஸ்ட்தான் துணை. குரோம் ஹிஸ்டரி 90 நாள்தான் தங்கும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது adstransparency.google.com. அங்கே இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, விளம்பரத்தில் இருந்த தளத்தின் முகவரியைப் போடுங்கள். அந்தத் தளத்துக்கு விளம்பரம் கொடுத்தவரின் பெயரும், அவர் ஓட்டிய விளம்பரங்களும், கடைசியாக எந்தத் தேதியில் காட்டப்பட்டது என்பதும் கிடைக்கக் கூடும். கிடைத்ததைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே verified என்று இருந்தால் பதற வேண்டாம். அவர் காட்டிய அடையாள ஆவணம் சரிபார்க்கப்பட்டது என்பதே அதன் பொருள். அந்த வாஷிங் மெஷின் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர் என்று பொருள் இல்லை. சில சமயம் கடைக்காரர் பெயருக்குப் பதிலாக அவருக்காக விளம்பரம் போடும் ஏஜென்சியின் பெயர் இருக்கும். அதனால் அந்தப் பெயரை ஜிபே-யில் பணம் போன பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் உங்கள் வேலை பாதி முடிந்தது. வேறானாலும், பணம் பெற்றவரின் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் உங்களிடம் இருக்கிறது, ஆளைக் கண்டுபிடிக்க அதுதான் வலுவான நூல்.

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒன்று. வாட்ஸ்அப் வழியாக வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும், கோப்பின் பெயரும் மாறியிருக்கும். உங்கள் மூன்றாவது படத்தில் முகவரி வரி மங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம். கணவர் போனில் உள்ள மூலக் கோப்பில் எழுத்து தெளிவாக இருக்கும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். அதை அழிக்காதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு பகுதியில் போன் யாருடையதோ அவர்தான் கையெழுத்திட வேண்டும். உங்கள் வீட்டில் அது கணவர்.

யார் மீது புகார்?

கூகுள் மீது வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடவே முடியாது என்று சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், விளம்பரச் சொற்களை விற்கும் வேலையில் கூகுள் சும்மா வழிவிடும் இடைத்தரகர் மட்டும் இல்லை, அதில் பங்கெடுப்பவர் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அது வணிகப் பெயரின் உரிமையாளர் தொடுத்த வழக்கு. அதிலும்கூட, ஒரு பெயரைத் தேடல் சொல்லாக வாங்குவது மட்டுமே தவறாகிவிடாது, பார்ப்பவருக்குக் குழப்பம் உண்டாகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். உங்கள் 7,899 ரூபாய்க்காக அந்த நீண்ட சண்டைக்குள் போனால், உங்களை ஏமாற்றியவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். மேலும் உங்கள் படத்தில் தலைப்பும் பொத்தானும் தெளிவாக இருக்கின்றன. விளம்பரம் என்று சொல்லப்படவே இல்லை என்று நீங்கள் வாதிட முடியாது. கூகுளிடம் செய்ய வேண்டியது அந்த விளம்பரத்தைப் புகார் செய்வது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் எதிர்த் தரப்பு கடைக்காரர்தான். அங்கீகாரம் இல்லாமல் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்று விளம்பரம் செய்தது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் தவறான விளம்பரம். பில் தராததும், போர்டை மாற்றியதாகச் சொன்ன வேலை நிற்காததும் சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் வேறொரு நல்ல மெக்கானிக்கை விட்டு, போர்டு உண்மையில் மாற்றப்பட்டதா, பழையதையே திரும்ப வைத்தாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் ‘நான் வேலை செய்தேன், மெஷின் பழசு’ என்ற ஒரே வரியில் தப்பிப்பார்.

ஆள்மாறாட்டம் என்பதால் cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம், உங்கள் பகுதிக்கான சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் விரும்பி அனுப்பிய பணம், ஒரு வேலையும் நடந்திருக்கிறது, அதனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பவும் கூடும். அதற்குத் தயாராகப் போங்கள். வங்கி பணத்தைத் திருப்பும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு, உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்குத்தான்.

கம்பெனிக்கு மட்டும் மறக்காமல் மின்னஞ்சல் அனுப்புங்கள், மூன்று படத்தையும் இணைத்து. தங்கள் பெயரை அடுத்தவர் விளம்பர வாசகத்தில் போடக் கூடாது என்று கூகுளிடம் புகார் செய்யும் உரிமை பெயரின் சொந்தக்காரரான அவர்களுக்குத்தான் இருக்கிறது. ‘இவர் எங்கள் அங்கீகாரம் பெற்றவர் இல்லை’ என்று அவர்களிடமிருந்து ஒரு பதிலும் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னது போதாது, மின்னஞ்சலில் வேண்டும். மனுவில் அது முக்கியமான இணைப்பு.

மனுவில் இந்த இடத்தை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

‘என் கணவர் அன்று காலை 10:42 மணிக்குத் தேடியபோது, Sponsored results என்ற தலைப்புக்கும் Hide sponsored results என்ற பொத்தானுக்கும் நடுவே, இரண்டாவதாக எதிர்மனுதாரரின் விளம்பரம் இருந்தது. அதில் அவர் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்று தன்னைக் காட்டியிருந்தார். அதில் இருந்த எண்ணுக்கு 10:44 மணிக்கு அழைத்தோம். அதே பக்கத்தில் கீழே வேறொரு தளத்திலிருந்து எடுத்துக் காட்டப்பட்ட துண்டில் இருந்த எண்ணுக்குப் பின்னர் நான் அழைத்தபோதும் அதே நபர் பேசினார். கம்பெனி அவரைத் தங்கள் ஆள் இல்லை என்று எழுத்தில் தெரிவித்துள்ளது.’

கம்பெனியின் மின்னஞ்சல் வந்த பிறகு கடைசி வரியைச் சேருங்கள். தேதியை கால் லிஸ்ட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். ‘கூகுள் பரிந்துரைத்தது’ என்ற சொல் மட்டும் எங்கும் வர வேண்டாம்.